காலை 11.20-க்கே தெரிந்த இரவு

2017 ஆகஸ்ட் 10, வியாழக்கிழமை. உத்தரப் பிரதேசத்தின் கிழக்குக் கோடியில், நேபாள எல்லைக்கு அருகிலுள்ள கோரக்பூரில் பாபா ராகவ்தாஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே ஆக்சிஜன் குழாய்களைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர்கள் அன்று காலை மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 11.20 மணிக்குத் திரவ ஆக்சிஜன் தொட்டியின் அளவி 900 காட்டுகிறது, இது இன்று இரவு வரைதான் வரும் என்பது அதன் சாரம். ஒரு வாரம் முன்பு, ஆகஸ்ட் 3 அன்றே இருப்பு குறைவதைத் தெரிவித்திருந்ததையும் நினைவூட்டியிருந்தார்கள். தொட்டியை நிரப்பும் நிறுவனம் பாக்கி வராததால் வண்டி அனுப்பவில்லை என்பதும் அதில் இருந்தது.

அன்றும் மறுநாளும் அந்த மருத்துவமனையில் 30 குழந்தைகள் இறந்தார்கள். நாடு முழுக்கப் பேசப்பட்ட செய்தி அது. யார் குற்றவாளி என்ற வாதத்தில் எல்லாரும் இறங்கிவிட்டதால், அந்தக் கடிதத்தில் இருந்த ஒற்றை எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. போட்டுப் பார்த்தால், ஒரு மருத்துவமனையில் நள்ளிரவில் ஆக்சிஜன் தீர்ந்துபோவது எப்படி நடக்கிறது என்பது முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில், கட்டிலுக்கு ஆக்சிஜன் வரும் வழி. பெரிய மருத்துவமனைகளின் பின்புறத்தில் உயரமான வெள்ளைத் தொட்டி ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மைனஸ் 183 டிகிரிக்கும் கீழே குளிர்வித்துத் திரவமாக்கிய ஆக்சிஜன் அதற்குள் இருக்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் அலுமினியச் சிறகுகள் வைத்த குழாய்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் வழியே போகும்போது வெளிக்காற்றின் வெப்பம் பட்டுத் திரவம் வாயுவாகிறது. பிறகு அழுத்தம் குறைக்கப்பட்டு, சுவருக்குள் ஓடும் செம்புக் குழாய்கள் வழியே வார்டுகளுக்குப் போகிறது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் சிறு குமிழ் மிதக்கும் கண்ணாடிக் குழல் இருக்குமே, அதுதான் அந்தப் பயணத்தின் கடைசி இடம்.

தொட்டி தீர்ந்தால் கைகொடுக்க ஒரு தனி அறை உண்டு. மேனிஃபோல்டு அறை என்பார்கள். அங்கே ஆளுயரச் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாகச் சங்கிலி போட்டு நிறுத்தப்பட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் வளைந்த செம்புக் குழாய் ஒன்று பொதுக் குழாயில் சேரும். ஒரு வரிசை ஓடும்போது மற்றது தயாராக நிற்கும். இந்த ஆளுயரச் சிலிண்டருக்கு ஊழியர்கள் வைத்திருக்கும் பெயர் ஜம்போ. அதில் சுமார் 7,000 லிட்டர் வாயு அடைக்கப்பட்டிருக்கும். ஆம்புலன்ஸிலும் வார்டுத் தள்ளுவண்டியிலும் பார்க்கும் இடுப்பளவுச் சிலிண்டரில் 1,500 லிட்டர்தான்.

இப்போது அந்த 900-க்கு வருவோம். இத்தகைய தொட்டிகளின் இருப்பைக் கிலோவில் சொல்வது வழக்கம். கிலோ என்றே வைத்துக் கணக்கிடுவோம். ஒரு கிலோ திரவ ஆக்சிஜன் சுமார் 750 லிட்டர் வாயுவாகும். ஆக 900 கிலோ என்பது ஏறத்தாழ 6,75,000 லிட்டர். அன்று இரவு 7.30 மணியளவில் குழாயில் அழுத்தம் குறைந்துவிட்டதாக எச்சரிக்கை ஒலித்தது. காலை 11.20-லிருந்து 7.30 வரை எட்டு மணி நேரம் சொச்சம். வகுத்துப் பார்த்தால், மருத்துவமனை நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,375 லிட்டர் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த வேகத்தில் ஒரு ஜம்போ சிலிண்டர் எத்தனை நேரம் வரும்? ஐந்து நிமிடம்.

அன்று இரவு கையிருப்பில் இருந்த ஜம்போ சிலிண்டர்கள் 52 என்று அப்போதைய செய்திகள் சொல்கின்றன. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் 260 நிமிடம், அதாவது நான்கு மணி இருபது நிமிடம். ஆனால் எந்தச் சிலிண்டரையும் கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச முடியாது. உள்ளே அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டால் அது குழாயைத் தள்ளாது, கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே கழற்றியாக வேண்டும். மாற்றும்போது இணைப்புகளில் கசிவதும் உண்டு. பத்தில் ஒரு பங்கை இப்படிக் கழித்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் நிற்கிறது. 7.30 மணியோடு நான்கு மணி நேரத்தைக் கூட்டுங்கள், 11.30 வருகிறது. மாநிலச் சுகாதார அமைச்சர் பின்னர் சொன்ன விவரத்தின்படி, கையிருப்புச் சிலிண்டர்கள் தீர்ந்து ஆக்சிஜன் தடைப்பட்ட நேரம் இரவு 11.30.

நான் இதை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தேன். ஒரு தாளும் பென்சிலும் போதும். 900 என்ற அளவையும், மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதையும், 52 என்ற எண்ணிக்கையையும் அருகருகே எழுதியிருந்தால், இந்தக் குழாய் நள்ளிரவுக்கு முன் வறண்டுவிடும் என்று அன்று பகல் உணவு வேளைக்கு முன்பே எவராலும் சொல்லியிருக்க முடியும். குழாய் ஊழியர்கள் சொல்லவும் செய்தார்கள். ஆகவே கோரக்பூரில் ஆக்சிஜன் இரவில் தீர்ந்தது என்பது பாதி உண்மைதான். பகலிலேயே போதாமல் போய்விட்டது. வெளியே தெரிந்த நேரம் மட்டும் இரவு.

வண்டி ஏன் வரவில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிறுவனத்துக்கு மருத்துவமனை வைத்திருந்த பாக்கி 60 லட்சம் ரூபாய்க்கும் மேல். ஒப்பந்தப்படி 10 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று செய்திகள் வெளிவந்தன. பல மாதங்களாக நினைவூட்டல் கடிதங்கள், அதன் பிறகு வழக்கறிஞர் நோட்டீஸ், கடைசியில் சப்ளை நிறுத்தம். மாநில அரசோ, ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே பணத்தை விடுவித்துவிட்டோம், கல்லூரி நிர்வாகம்தான் உரிய நேரத்தில் கொடுக்கவில்லை என்றது. முதலமைச்சர் அதே மருத்துவமனைக்கு முதல் நாள், ஆகஸ்ட் 9 அன்றுதான் வந்து ஆய்வு செய்துவிட்டுப் போயிருந்தார். தொட்டியில் இறங்கிக்கொண்டிருந்த அளவு அன்றைய பேச்சில் வரவில்லை.

இரவு 7.30-க்கு எச்சரிக்கை ஒலித்தபின் மேனிஃபோல்டு அறையில் என்ன வேலை நடக்கும் என்பதை வெளியில் இருப்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. ஜம்போ சிலிண்டர் வெறுமையாகவே ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு. அதைச் சாய்த்து, அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டு வர வேண்டும். காலியானதன் வால்வை மூடி, ஸ்பேனரால் செம்புக் குழாயைக் கழற்றி, புதியதை மாட்டி, வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். மெதுவாக என்பது முக்கியம். 150 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனைச் சட்டென்று திறந்துவிட்டால், வழியில் துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் தீப்பிடிக்கும். அதனால்தான் எண்ணெய்க் கையோடு அந்த அறைக்குள் போகக் கூடாது என்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிலிண்டர் தீரும் வேகத்தில், இதை இரவு முழுக்க இடைவிடாமல் செய்ய இரண்டு பேர் போதாது.

சிலிண்டரில் ஒரு வசதி உண்டு. அதன் மேலிருக்கும் கேஜைப் பார்த்தே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடலாம். முள் 150-ல் இருந்தால் முழுச் சிலிண்டர், 75-ல் இருந்தால் பாதி. திரவத் தொட்டியில் இந்த வசதி இல்லை. அடியில் கொஞ்சம் திரவம் இருக்கும்வரை அழுத்த முள் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும், தீரும் தறுவாயில் சடசடவென்று இறங்கிவிடும். திரவத்தின் மட்டத்தைக் காட்டும் தனி அளவியைத்தான் பார்க்க வேண்டும். அழுத்த முள்ளை மட்டும் பார்த்து ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பதிவேட்டில் எழுதுபவர், தீருவதற்கு அரை மணி முன்பு வரை அப்படியே எழுதிக்கொண்டிருப்பார். கோரக்பூரின் ஊழியர்கள் பார்த்தது சரியான அளவியை.

அடுத்து, தொலைபேசி. அன்று இரவு குழந்தைகள் வார்டில் பொறுப்பிலிருந்தவர்களில் ஒருவரான டாக்டர் கஃபீல் கான், சப்ளை நிறுவனத்துக்கும் அதிகாரிகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் மாறி மாறி அழைத்ததாகவும், தன் காரிலேயே போய்ச் சிலிண்டர் கொண்டுவந்ததாகவும், எல்லைக் காவல் படையான சசஸ்த்ர சீமா பல் லாரியும் ஆட்களும் கொடுத்து உதவியதாகவும் பின்னர் சொன்னார். பத்திரிகைகளும் அப்படியே எழுதின. கல்லூரி முதல்வரும், ஆக்சிஜனுக்குப் பொறுப்பான மயக்கவியல் துறைத் தலைவரும் அந்த நாட்களில் ஊரில் இல்லை என்று மாவட்ட ஆட்சியரின் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது.

இரவு பத்து மணிக்குச் சிலிண்டர் கேட்டு அழைப்பவருக்கு என்னென்ன தடைகள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான இரவுகள் இங்கேதான் கைநழுவிப் போகின்றன. பக்கத்து மருத்துவமனை பத்து ஜம்போ தருகிறேன் என்றால் மனம் நிறைந்துவிடும். கணக்குப்படி அது ஐம்பது நிமிடம். அதை ஏற்றி, ஊருக்குள் ஓட்டி, இறக்கி, மாட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆனால், கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அதைவிட அதிகமாகச் செலவாகியிருக்கும். சிறு நர்சிங் ஹோம்களில் இருப்பது பெரும்பாலும் 1,500 லிட்டர்ச் சிலிண்டர். அதன் தலையமைப்பு வேறு என்பதால் மேனிஃபோல்டில் மாட்ட முடியாது. தனித்தனிக் கட்டிலுக்கு வைக்கலாம், அதற்கு ரெகுலேட்டரும் ஈரப்பதக் குப்பியும் ஒவ்வொன்றுக்கும் வேண்டும். நிரப்பும் ஆலைக்காரரை எழுப்பினால் அவர் முதலில் கேட்பது, ‘காலி சிலிண்டர் அனுப்பறீங்களா?’ என்பதைத்தான். அவரிடம் இருப்பது வாயு, சிலிண்டர் மருத்துவமனையுடையது. காலியானவை வந்தால்தான் நிரப்ப முடியும். இரவு ஷிஃப்டில் நிரப்புகிறவர் இருக்கிறாரா, லாரி ஓட்டுநர் இருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி.

அதனால் இந்த அழைப்புகளை எழுதிவைப்பதிலும் ஒரு முறை வேண்டும். எத்தனை மணிக்கு, யாரிடம் பேசினோம் என்பது மட்டும் போதாது. எந்த அளவுச் சிலிண்டர், நிரம்பியவை எத்தனை, வண்டி கிளம்பிவிட்டதா அல்லது கிளம்பும் என்றார்களா, எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும் என்ற நான்கும் இல்லாத குறிப்பு பயன்படாது. ‘சொல்லியாயிற்று, அனுப்புகிறார்கள்’ என்ற வரி எத்தனையோ பதிவேடுகளில் இருக்கும். 11.30-லிருந்து காலை எட்டு மணி வரை கோரக்பூருக்குத் தேவைப்பட்டது சுமார் நூறு ஜம்போ சிலிண்டர்கள். நூறு என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பகல் பன்னிரண்டு மணிக்கு அழைத்திருந்தால், காலிகளை அனுப்பி, நிரப்பி, மாலைக்குள் ஒரு நடையோ இரண்டு நடையோ கொண்டுவந்திருக்க முடியும். அதே நூறை இரவு பத்து மணிக்குத் தேடும்போது ஐந்தும் பத்துமாகத்தான் கிடைக்கும்.

11.30-க்கு ஆக்சிஜன் நின்றது. 1.30 வரை, இரண்டு மணி நேரம், ஆம்பு பையை வைத்துச் சமாளித்தோம் என்றது அரசு. அதன்பின் வெளியிலிருந்து சிலிண்டர்கள் வந்தன. பெற்றோர்களின் கையிலேயே அந்தப் பையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள் என்று அங்கே இருந்த குடும்பங்கள் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்கள்.

ஆம்பு பை என்பது கையால் அழுத்தி மூச்சைத் தள்ளும் ரப்பர்ப் பந்து. பெரியவர்களுக்கு நிமிடத்துக்குப் பத்து, பன்னிரண்டு முறை, பிறந்த குழந்தைக்கு நாற்பதிலிருந்து அறுபது முறை அழுத்த வேண்டும். அதிகமாக அழுத்தினால் பிஞ்சு நுரையீரல் கிழியும், குறைத்தால் காற்று போகாது. பயிற்சி பெற்ற செவிலியரே பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே சீராக அழுத்தத் திணறுவார். ஒரு குழந்தைக்கு ஓர் ஆள் முழுநேரமும் வேண்டும். இன்னொன்று, பையோடு ஆக்சிஜன் குழாயை இணைக்காவிட்டால் அது தள்ளுவது வெறும் அறைக் காற்றை, அதாவது 21 சதவீத ஆக்சிஜனை.

இந்த 21 சதவீதம் யாருக்குப் போதும், யாருக்குப் போதாது என்பதில்தான் அன்றைய வார்டுகளின் கதை இருக்கிறது. கோரக்பூர் மருத்துவமனை மூளைக்காய்ச்சலுக்குப் பெயர்போனது. பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் பீகாரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் மழைக்காலத்தில் குழந்தைகள் குவிவார்கள். மூளை வீங்கி, மூச்சுவிடச் சொல்லும் கட்டளையே மங்கிப்போன குழந்தைக்கு நுரையீரல் நன்றாக இருக்கலாம். அந்தக் குழந்தையை அறைக் காற்றைத் தள்ளியாவது சில மணி நேரம் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்து, நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளும் குழந்தைக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அதற்குத் தேவை செறிவான ஆக்சிஜன், அதுவும் விடாமல். நிமோனியா முற்றிய குழந்தையும் அப்படித்தான்.

அப்போது வெளியான எண்ணிக்கையைப் பாருங்கள். ஆகஸ்ட் 10 அன்று இறந்த 23 குழந்தைகளில் 14 பேர் பச்சிளங்குழந்தைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள். மூளைக்காய்ச்சல் வார்டில் 3 பேர், பொதுக் குழந்தைகள் பிரிவில் 6 பேர். மறுநாள் 7 பேர். செய்திகள் முழுக்க மூளைக்காய்ச்சலைப் பற்றியே இருந்தன. ஆனால் பாதிக்கு மேற்பட்ட இழப்பு, பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளிடம்தான்.

இதற்கு அரசு ஒரு பதில் வைத்திருந்தது. கடந்த ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதங்களிலும் இங்கே நாளொன்றுக்குச் சராசரியாக 19 முதல் 22 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், எனவே 23 என்பது வழக்கத்துக்கு மாறானது அல்ல, ஆக்சிஜன் இல்லாததால் யாரும் இறக்கவில்லை என்றது. ஒரே மருத்துவமனையில் தினமும் இருபது குழந்தைகள் இறப்பது வழக்கமாகிவிட்டது என்பதை ஒரு விளக்கமாகச் சொல்ல முடிந்ததே என்று அன்று படித்தபோது நெஞ்சு அடைத்தது. அந்த வேதனையை ஒதுக்கிவைத்தாலும், அந்தப் பதில் கேள்விக்குப் பொருந்தவில்லை. ஒரு நாளின் மொத்தத்தை இன்னொரு நாளின் சராசரியோடு ஒப்பிட்டால், ஆக்சிஜன் தடைப்பட்டதால் யார் பாதிக்கப்பட்டார் என்பது தெரியவே தெரியாது. ஆகஸ்ட் 10 காலை ஆறு மணிக்கு இறந்த குழந்தையும் அந்த 23-ல் ஒன்று. 11-ஆம் தேதி பின்னிரவில் இறந்த குழந்தை அதில் இல்லை.

சரியான கணக்கு வேறு விதமாகத் தொடங்க வேண்டும். இரவு 7.30-க்கு எந்தெந்தக் கட்டிலில் யார் ஆக்சிஜனில் இருந்தார்கள், எவ்வளவு, எந்த வழியாக என்ற பட்டியல் முதலில் வேண்டும். மூக்குக் குழலில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வாங்கும் குழந்தையும், வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையும் ஒரே வரியில் வரக் கூடாது. பிறகு, மணிக்கு ஒருமுறை விரலில் மாட்டும் கருவி காட்டிய ஆக்சிஜன் அளவு. 95 இருந்தது எத்தனை மணிக்கு 80-க்கு இறங்கியது, ஆம்பு பை எப்போது தொடங்கியது, ஆக்சிஜன் திரும்பியபின் அளவு ஏறியதா. அன்று இரவு இறக்காமல், மூளைக்கு ஆக்சிஜன் குறைந்ததால் அடுத்தடுத்த நாட்களில் வலிப்பு வந்து இறந்தவர்களும், பிழைத்தும் ஊனத்தோடு வீடு திரும்பியவர்களும் இந்தப் பட்டியலில்தான் தெரிவார்கள். இறப்புப் பதிவேட்டில் தெரிய மாட்டார்கள். ‘பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்’ என்பதற்கு இறந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் பதிலாகச் சொல்வது நம் நாட்டில் பழகிப்போய்விட்டது.

கோரக்பூரில் அந்தப் பட்டியலைத் தேடவில்லை. இருந்த பதிவேட்டின் நிலையை ஆட்சியரின் விசாரணை அறிக்கை சொல்கிறது: ஆக்சிஜன் இருப்புப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல்கள் இருந்தன, பொறுப்பாளர்கள் அவ்வப்போது சரிபார்த்துக் கையெழுத்திடவில்லை. ஒன்பது பேர் மீது வழக்கு. அவர்களில் ஒருவரான கஃபீல் கான் எட்டு மாதம் சிறையிலிருந்தார். அவர் தனிப்பட்ட முறையில் மருத்துவ அலட்சியம் காட்டினார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று கூறி 2018 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. துறை விசாரணையும் மருத்துவ அலட்சியக் குற்றச்சாட்டில் அவருக்குச் சாதகமாகவே முடிந்ததாக 2019-ல் செய்தி வந்தது. இருந்தும் 2021-ல் அவரை அரசு பணிநீக்கம் செய்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து இதே காட்சி நம் எல்லைக்கு அப்பால் திரும்பியது. 2021 மே 2 இரவு, கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், சத்தியமங்கலம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனை. அது சிலிண்டர் நிரப்ப மைசூரை நம்பியிருந்தது, சாலை வழியே அறுபது கிலோமீட்டர் சொச்சம். ஒரு நாளுக்குள் 24 நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் மூவர்தான் என்றார் மாநிலச் சுகாதார அமைச்சர். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முயற்சியால் அமைந்த ஓய்வுபெற்ற நீதிபதிகள் குழு பதிவேடுகளைப் பார்த்து, இரவு பத்தரை மணிக்கு மேல் பின்னிரவு வரை அங்கே ஆக்சிஜனே இல்லை என்று கண்டது. மைசூர் மாவட்டம் சிலிண்டரைத் தடுத்தது என்று ஒரு மாவட்ட நிர்வாகமும், தடுக்கவில்லை என்று மற்றதும் வெளிப்படையாக மோதிக்கொண்டன. தடுத்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்றது குழு. இங்கும் அதே கேள்விதான் மிஞ்சுகிறது: மே 2 பகலில் நிரம்பிய சிலிண்டர் எத்தனை இருந்தது, மணிக்கு எத்தனை தீர்ந்துகொண்டிருந்தது?

இரண்டே நாளில், மே 4 இரவு, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆக்சிஜன் வரவில்லை என்றார்கள் உறவினர்களும் பணியாளர்களில் சிலரும். கையிருப்பு இருந்தது என்றது நிர்வாகம். வாசகர்களுக்கு இது நேர் முரணாகத் தோன்றும். ஆனால் பொதுவாக இத்தகைய அமைப்புகளில் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க இடமுண்டு. தொட்டியில் திரவம் இருக்கும், ஆனால் அலுமினியச் சிறகுக் குழாய்கள் ஒரு மணி நேரத்தில் இவ்வளவைத்தான் வாயுவாக்கும் என்று ஓர் அளவு உண்டு. நூறு கட்டிலுக்கு வடிவமைத்ததில் முந்நூறு பேரை மாட்டினால், அதிலும் நிமிடத்துக்கு 30, 60 லிட்டர் இழுக்கும் மூக்குக் குழல் கருவிகளைச் சேர்த்தால், சிறகுகளின் மேல் பனி கட்டிக்கொள்ளும், வாயுவாகும் வேகம் குறையும், குழாயின் கடைக்கோடியில் இருக்கும் வார்டில் அழுத்தம் விழும். தொட்டியின் பக்கத்தில் நிற்பவர் இருப்பு இருக்கிறது என்பார், கட்டிலின் பக்கத்தில் நிற்பவர் வரவில்லை என்பார். அந்த நிலையில் இருப்புப் பதிவேடு மட்டும் எதையும் நிரூபிக்காது. ஒவ்வொரு வார்டின் குழாய் முனையிலும் அழுத்தம் எவ்வளவு என்று மணிக்கணக்கில் எழுதிய தாள் வேண்டும்.

இந்தக் கணக்குகளை வைத்துக்கொள்ளப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மாலை ஷிஃப்ட் மாறும்போது தொட்டியின் மட்டம், நிரம்பிய ஜம்போ, காலி ஜம்போ, கடந்த நான்கு மணி நேரத்தில் செலவானது என்ற நான்கு எண்களை எழுத வேண்டும். முதல் இரண்டையும் ஒரே அலகில் கூட்டி, கடைசி எண்ணால் வகுத்து, நான்கால் பெருக்கி, எத்தனை மணிக்குத் தீரும் என்பதை ஒரு கடிகார நேரமாக எழுத வேண்டும். ‘52 சிலிண்டர் உள்ளது’ என்று எழுதினால் படிப்பவருக்கு அது நிறைய என்றுதான் படும். ‘இரவு 11.30 வரை வரும்’ என்று எழுதினால் பணப்பிரிவு எழுத்தர்கூட எழுந்து நிற்பார். அந்த நேரம் அடுத்த வண்டி வந்து சேரும் நேரத்துக்கு முன்பாக இருந்தால், தொலைபேசியை எடுக்க வேண்டியது அப்போதே. அழைக்கப்பட வேண்டியவரும் அப்போது மாறிவிடுகிறார். இரவுப் பணியில் தனியாக நிற்கும் இளம் மருத்துவர் அழைப்பது வேறு, மாலை ஐந்து மணிக்குக் கல்லூரி முதல்வர் ஆட்சியரை அழைப்பது வேறு.

நோயாளியோடு இருப்பவர்கள் கேட்டு வாங்கக் கூடியதும் ஒன்று உண்டு. ஆக்சிஜன் கொடுக்கும்படி மருத்துவர் எழுதும்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எந்தக் கருவி வழியாக, இரத்தத்தில் எந்த அளவை எட்ட வேண்டும் என்பதைக் கேஸ் ஷீட்டில் குறிக்க வேண்டும். செவிலியர் அதற்குக் கீழே மணிவாரியாக எழுதிவர வேண்டும். சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. கோரக்பூரில் குழந்தைகளை இழந்த குடும்பங்களில் பல, உடலைப் பெற்றுக்கொண்டு கிடைத்த வண்டியில் ஊர் திரும்பியவை. கட்டில் எண்ணும் மணியும் லிட்டரும் எழுதிய தாள் அவர்கள் கையில் இல்லை. இரண்டு மணி நேரத் தடைக்கும் தங்கள் குழந்தையின் இறப்புக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பதை அவர்களால் நீதிமன்றத்தில் கேட்டிருக்க முடிந்த ஒரே தாள் அதுதான்.